H32-ல் நின்ற 6,840: ஒரு நூல் ஷீட், ஒரு போன் கால்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி ஆபீஸ். நான் அங்கே கணக்குப் பக்கம், அப்போது சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நூல் வாங்கும் கணக்கு ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். அதை எழுதுவது சீனியர் மெர்ச்சண்டைசர் அக்கா. பதினாலு வருஷ அனுபவம், எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். ஷீட்டை மேனேஜர், நிட்டிங் இன்சார்ஜ், ஸ்டோர்ஸ், நான் என்று மொத்தம் ஒன்பது பேர் திறந்து பார்ப்போம். அதில் ஒரு தப்பு இருந்தது. அதைச் சொன்ன விதத்தையும், சொல்லாமல் நானே திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்த இரண்டாவது விஷயம் எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மாதத்தின் 29-ஆம் தேதி. மாதம் பிறந்தால் மில்காரர்கள் புது நூல் விலை சொல்லிவிடுவார்கள், ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியாது, அதனால் அந்த மாத விலையிலேயே புக் பண்ணிவிட வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டார். சாயங்காலம் 4 மணிக்கு மீட்டிங். மீட்டிங் என்றால் சுவரில் இருக்கும் டிவியில் இந்த ஷீட்டைப் போட்டு, மொத்தக் கிலோவைப் பார்த்து, அப்படியே பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதுதான்.

காலையில் 11:40 வாக்கில் மில்லுக்கு எவ்வளவு அட்வான்ஸ் போக வேண்டும் என்று பார்ப்பதற்காக ஷீட்டைத் திறந்தேன். H காலம்தான் ஒவ்வொரு கலருக்கும் வேண்டிய நூல், கிலோவில். நான்காவது வரியில் தொடங்கி முப்பத்தொன்றாவது வரி வரை கலர்கள், முப்பத்திரண்டில் மொத்தம். காப்பி பண்ணுவதற்காக H4 முதல் H31 வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். அப்படித் தேர்ந்தெடுத்தால் திரையின் கீழே வலது மூலையில் கூட்டுத்தொகை தானாக வரும், பார்த்திருப்பீர்கள். அங்கே 7,940 என்று இருந்தது. அதற்கு நேர் மேலே H32-ல் 6,840.

சரி, கண் தப்பியிருக்கும் என்று திரும்பவும் இழுத்துப் பார்த்தேன், அதே 7,940. H32-ஐ டபுள் க்ளிக் பண்ணினேன். உள்ளே இருந்தது இது:

```
=SUM(H4:H27)
```

ஆரஞ்சுக் கட்டம் 27-ஆம் வரியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே நாலு வரிகள், 310, 285, 240, 265. கூட்டினால் 1,100 கிலோ. வித்தியாசம் அதுவேதான்.

இந்தத் தப்பு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படிச் சொல்வது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கூட்டல் எல்லைக்கு நடுவில் ஒரு வரியைச் செருகினால் ஃபார்முலா தானாக நீண்டுகொள்ளும். கடைசி வரிக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே செருகினால் நீளாது. அந்த வரி எல்லைக்கு வெளியில்தான் விழும், சிவப்பு முக்கோணமும் வராது, எரரும் வராது, மொத்தம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆனால் யாராக இருந்தாலும் புதுக் கலரை எங்கே சேர்ப்போம்? கடைசியில்தானே சேர்ப்போம். ஆக இது கணக்குத் தெரியாதவர் செய்யும் தப்பு இல்லை, ஒழுங்காக வரிசையாக எழுதுகிறவர்தான் இதில் மாட்டுவார்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் எல்லை L30:L49 என்று இருக்க வேண்டியது L30:L44-லேயே நின்றிருந்தது, ஐந்து நாடுகள் கணக்கில் வரவில்லை. அந்தக் கட்டுரையில் வேறு விவாதங்களும் உண்டு, அது வேறு கதை. எல்லை குறுகி நிற்பது எங்கள் அக்காவுக்கு மட்டும் நடப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அப்புறம் ஒரு விஷயம் நினைவுக்கு வந்து சட்டென்று H32-ஐ விட்டு நகர்ந்தேன். நாம் எந்த செல்லில் நிற்கிறோமோ அதைச் சுற்றி ஒரு வண்ணக் கட்டம், ஷீட்டைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும், பெயரோடு. மொத்தத்தின் மேலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நிட்டிங் இன்சார்ஜ் அண்ணன் "என்ன, டோட்டல்ல ஏதாச்சும் தப்பா?" என்று உரக்கக் கேட்டுவிடுவார். அவர் கேட்கிற ஆள்தான். அதனால் வேறு ஷீட்டுக்குப் போய், ஒரு காப்பி எடுத்தேன். `Make a copy` கொடுக்கும்போது அதே ஆட்களோடு பகிரவா என்று ஒரு டிக் பெட்டி வரும், அதைத் தொடக்கூடாது. தொட்டால் நம் சோதனை ஷீட்டும் ஒன்பது பேருக்குப் போய்விடும்.

சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, இது எப்போது நடந்தது. காப்பியில் பழைய வரலாறு இருக்காது, அதனால் அசல் ஷீட்டிலேயே H28-ல் ரைட் க்ளிக் பண்ணி `Show edit history` பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி 9:50-க்கு அக்கா போட்டிருக்கிறார். கீழே உள்ள மூன்றும் அதே நேரம்தான். அதாவது அதற்கு முன்னால் வரை மொத்தம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, பையர் ராத்திரியில் நாலு கலர் சேர்த்து மெயில் போட்டிருக்கிறார், அக்கா வீட்டிலிருந்தே ஏற்றியிருக்கிறார். இரண்டாவது, வேண்டுமென்றே விட்டிருப்பாரா என்பது. ஸ்டேட்டஸ் காலத்தில் நாலுக்கும் CONFIRMED என்று இருந்தது. அதனால் விடுபட்டதுதான் என்று தொண்ணூறு சதவீதம் முடிவு பண்ணிவிட்டேன். அந்த மிச்சப் பத்து சதவீதம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

இப்போது எங்கே சொல்வது?

செல்லிலேயே கமென்ட் போடுவது முதலில் தோன்றும், அதற்காகத்தானே அந்த வசதி இருக்கிறது. எனக்கு அதில் பழைய சூடு ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நண்பரின் ஷீட்டில் தப்பைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், அவரை டேக் பண்ணி "இந்தத் தொகை தவறு என நினைக்கிறேன்" என்று கமென்ட் போட்டேன். ஷீட்டை எழுதியவர் அவர், ஆனால் முதலில் உருவாக்கியவர் எங்கள் மேலதிகாரி. செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் கமென்ட் மெயில் ஓனருக்கும் போகும். ஆக நண்பர் பார்க்கும் முன்னால் மேலதிகாரி பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர் வேறு மேஜையில் உட்கார்ந்தார், அடுத்த வாரம் அந்த ஷீட்டில் எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி இருந்தது. கமென்ட்டை ரிசால்வ் பண்ணினாலும் அது செல்லிலிருந்து மறையுமே தவிர கமென்ட் பட்டியலில் அப்படியே கிடக்கும். அதனால் இப்போதெல்லாம் முதலில் `Share` பொத்தானை அழுத்தி Owner யார் என்று பார்த்துவிடுவேன். இந்த நூல் ஷீட்டுக்கும் ஓனர் மேனேஜர்தான். கமென்ட் யோசனை அங்கேயே முடிந்தது.

சத்தமில்லாமல் நானே 27-ஐ 31 ஆக்கிவிடலாம். இரண்டு விநாடி வேலை, யாருக்கும் அவமானம் இல்லை, நல்லவனாகவும் இருந்த மாதிரி இருக்கும். ஆனால் அக்கா ஏற்கெனவே 6,840-ஐ எங்கேயாவது எழுதியிருந்தால்? டிவியில் 7,940 என்று வரும்போது அவர் நோட்டில் 6,840 இருந்தால், முதலாளி முன்னால் தன் ஷீட்டையே தெரியாதவர் போல முழிக்க வேண்டியது அவர்தான். அப்புறம் யார் மாற்றியது என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்ப்பார்கள், என் பெயர் வண்ணத்தில் நிற்கும். மறைவாகச் செய்த உதவி அந்த நிமிஷத்தில் பின்னாலிருந்து செய்த வேலையாகிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அக்கா அன்று காலையிலிருந்தே டையிங் யூனிட்டில் இருந்தார். தனியாக மெசேஜ் அனுப்ப உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது: "அக்கா, நூல் ஷீட்ல டோட்டல் தப்பா இருக்கு, 1,100 கிலோ குறையுது, மீட்டிங்குக்கு முன்னாடி மாத்திடுங்க." அனுப்பவில்லை. உண்மைதான், மரியாதைக் குறைவும் இல்லை, ஆனால் வாசித்துப் பார்த்தால் நான் தீர்ப்புச் சொல்லி அவருக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கிறது. தப்பு என்று சொன்னேனே தவிர எங்கே, எப்படிப் பார்ப்பது என்று இல்லை. அவர் டையிங் யூனிட்டில் ஸ்டீம் சத்தத்துக்கு நடுவில் போனில் ஷீட்டைத் திறந்து தேட வேண்டும். திரும்ப எழுதினேன்:

"அக்கா, நூல் ஷீட்ல ஒரு டவுட்டுங்க. H32-ல மொத்தம் 6,840 வருது. 4-ல இருந்து 31 வரைக்கும் செலக்ட் பண்ணிப் பாத்தா 7,940 வருது. ஃபார்முலா 27-ஆம் வரியோட நிக்குது. கடைசி நாலு கலர வேணும்னே தனியா வெச்சிருக்கீங்களா? இல்ல நேத்து சேக்கும்போது வெளிய விழுந்திருச்சா? 4 மணிக்கு டிவில போடுவாங்க, அதுக்கு முன்னாடி பாத்துருங்க. ஷீட்ட நான் தொடலைங்க, யார்கிட்டயும் சொல்லல."

இதில் "டவுட்டுங்க" என்பதைச் சிலர் நடிப்பு என்பார்கள். நடிப்பாக இருந்தால் தெரிந்துவிடும், அதைவிட நேராகவே சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரிக் கேட்பவரை ஆபீஸில் யாருக்கும் பிடிக்காது. எனக்கு நிஜமாகவே பத்து சதவீதம் சந்தேகம் இருந்தது, அதைத்தான் கேள்வியாகப் போட்டேன். செல் எண், இரண்டு தொகை, ஃபார்முலா எங்கே நிற்கிறது, இவ்வளவு இருந்தால் அவர் அரை நிமிஷத்தில் தானே பார்த்துக்கொள்ளலாம், என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு மெசேஜ் வந்தால் முதலில் மனசு கேட்பது "வேற யாருக்குத் தெரியும்?" என்பதுதானே. "சாரிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒன்று எழுதத் தோன்றியது, எடுத்துவிட்டேன். அது போட்டால் ஏதோ பெரிய குற்றத்தைச் சொல்கிற தோரணை வந்துவிடும்.

12:10-க்கு அனுப்பினேன். ஒரே டிக். ஒரு மணிக்கும் ஒரே டிக். டையிங் யூனிட்டில் சிக்னல் கிடைக்காது. இரண்டரைக்குத்தான் கூப்பிட்டேன், அதுவரை காத்திருந்தது கொஞ்சம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மணிக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் அவர் சவுகரியத்துக்குப் படிப்பார் என்று நினைத்தேன், ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது எனக்குத்தான் சவுகரியம், அவருக்கு இல்லை.

எடுத்ததும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, இரண்டு நிமிஷம் பேசலாமா என்று கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தால்? டையிங் மாஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் நான் தனியாகச் சொல்லி என்ன பயன். "சொல்லு கண்ணு, வண்டில வந்துட்டிருக்கேன்" என்றார். மெசேஜில் இருந்ததையே சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அய்யோ சாமி, நேத்து தூக்கக் கலக்கத்துல கடைசில சேத்தேன். மூணும் உள்ள வரணும்."

"மூணா? நாலு கலர் இருக்குதுங்களே அக்கா."

"G.MEL வராது கண்ணு. அது மெலாஞ்ச்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 30-ஆம் வரியில் கலர் பெயர் G.MEL, 240 கிலோ. நான் அதைப் பையர் வைத்த ஏதோ கோட் என்று நினைத்துவிட்டேன். மற்ற கலர்களுக்கு வெள்ளை நூலில் பின்னிய துணியைத்தான் சாயத்தில் போடுவோம். கிரே மெலாஞ்ச் துணியை அப்படிச் சாயத்தில் போட்டு எடுப்பதில்லை, சாயமேற்றிய பஞ்சைக் கலந்து நூற்ற நூலாகவே அது வருகிறது. வேறு மில், வேறு விலை, வேறு ஆர்டர். நான் சத்தமில்லாமல் எல்லையை 31 வரை இழுத்திருந்தால் தேவையில்லாத 240 கிலோ வெள்ளை நூல் ஆர்டரில் ஏறியிருக்கும், மெலாஞ்ச்சுக்கும் அக்கா தனியாக ஆர்டர் போட்டிருப்பார். குறைவாக வந்தால் சத்தம் போட்டுக் கேட்பார்கள், அதிகமாக வந்த நூல் கோடவுனில் மூட்டையாகக் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சரியான எண் 6,840-உம் இல்லை, என்னுடைய 7,940-உம் இல்லை, 7,700.

அக்கா மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேராக என் சிஸ்டத்துக்கே வந்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன், அவர் கணக்கில் லாகின் பண்ணி அவரேதான் மாற்றினார். மெலாஞ்ச் வரியை வெட்டி மொத்தத்துக்குக் கீழே தனியாக ஒட்டி, காலியான வரியை அழித்தார், மூன்று கலரும் 30-ஆம் வரிக்குள் அடங்கின. அப்போதுதான் நான் ஒன்று கேட்டேன்: மொத்தத்துக்கு முன்னால் ஒரு வெற்று வரி விட்டு, அதையும் எல்லைக்குள் சேர்த்துவிட்டால் அடுத்த தடவை அதற்கு மேலே எதைச் செருகினாலும் உள்ளேயே விழும் இல்லையா. அவர் 31-ஆம் வரியாக ஒரு வெற்று வரியைச் செருகி, பச்சை அடித்து, உயரத்தைக் குறைத்து மெல்லிய கோடு மாதிரி ஆக்கினார்.

```
=SUM(H4:H31)
```

7,700 வந்தது. அக்கா கால்குலேட்டரிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது, நான் மறந்தே போயிருந்தேன். காலையில் யாராவது பழைய எண்ணை எடுத்திருப்பார்களா? நிட்டிங் இன்சார்ஜ் அண்ணன் மெஷின் பிளான் போடுவதற்காக 6,840-ஐ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். தப்பைத் தனியாகச் சொல்லலாம், ஆனால் புது எண்ணைத் தனியாக வைத்திருக்க முடியாது, அது எடுத்தவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். அதை யார் சொல்வது என்பதில்தான் விஷயம். அக்காவே குரூப்பில் போட்டார்: "நேற்று இரவு 4 கலர் சேர்ந்தது. வெள்ளை நூல் மொத்தம் 7,700, மெலாஞ்ச் 240 தனி. காலை ஷீட்டை எடுத்தவர்கள் மாற்றிக்கொள்ளவும்." தப்பு என்ற வார்த்தை அதில் இல்லை, பொய்யும் இல்லை. அண்ணன் கட்டைவிரல் ஒன்று போட்டார், அவ்வளவுதான்.

அக்கா வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நானே மாற்றியிருக்க மாட்டேன், மெலாஞ்ச் கதைக்குப் பிறகு நிச்சயமாக மாட்டேன். மீட்டிங் தொடங்கும் முன்னால் மேனேஜரின் அறைக்குப் போய், "ராத்திரி சேர்ந்த நாலு கலர் மொத்தத்தில் வரவில்லை, எது வர வேண்டும் என்று அக்காவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், கையெழுத்தை அவர் வரும் வரை நிறுத்தி வைக்க முடியுமா சார்" என்று கேட்டிருப்பேன். அக்காவுக்கும் உடனே இன்னொரு மெசேஜ், மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்று. ஆர்டர் ஏற்கெனவே மில்லுக்குப் போயிருந்தால் இந்த மென்மையெல்லாம் செல்லாது. அப்போது அக்காவிடம் சொன்ன கையோடு மேனேஜருக்கும் போயாக வேண்டும், விலை மாற இரண்டே நாள் இருக்கும்போது யார் முகம் வாடும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மீட்டிங்கில் ஷீட் டிவியில் வந்தது. முதலாளி 7,700-ஐப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மேனேஜர் மட்டும் திரையைப் பார்த்து, "ஏனுங்க, இந்தப் பச்சைக் கோடு எதுக்கு?" என்று கேட்டார்.

"பாக்க நல்லாருக்குதுங்க சார்" என்றார் அக்கா.